கழுத்துக் கட்டியும் ஆந்தைக் கண்ணும்

நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஓர் இளைஞனின் கழுத்தில் வலியற்ற கட்டியொன்று எழுவதாக வைத்துக்கொள்வோம். மாலையில் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, உடல் மெலிவு. நம் நாட்டில் எவருக்கும் முதலில் காசநோயே நினைவுக்கு வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காசநோய் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டும் மாதக்கணக்கில் கட்டி சுருங்காவிட்டால், நாம் பழைய தடுமாற்றமொன்றின் முன் நிற்கிறோம்.

1832இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்நோயை முதலில் விவரித்தார். 1898இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அதில் பேரணு ஒன்றைக் கண்டும், நோயைக் காசத்தின் வேறொரு வடிவமென்றே கருதினார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இளம் மருத்துவர் டோரதி ரீட் இதை ஏற்கவில்லை. நோயுற்ற கழலைகளின் திசுவை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார், காசம் வரவில்லை. 1902இல் இது தனி நோய் என நிறுவினார்.

இருவர் பெயரையும் தாங்கும் அப்பேரணுவில் இரண்டு கருக்கள் எதிரெதிரே அமைந்து, ஒவ்வொன்றிலும் தடித்த புள்ளியுடன் ஆந்தையின் கண்களைப் போலத் தோன்றும். கட்டியில் இவை நூற்றுக்கு ஒன்றிரண்டே. மற்றவை அழற்சியால் கூடிய சாதாரண அணுக்கள். எனவே ஊசியால் உறிஞ்சிய துளியில் அவை அகப்படாமற் போகலாம். கழலையை முழுதாக வெட்டியெடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி.

அடுத்த கேள்வி, நோய் எவ்வளவு தூரம் சென்றது என்பது. 1971இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் வகுத்த முறைப்படி, ஒரே கழலைத் தொகுதி எனில் முதல் நிலை. உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில் பல தொகுதிகள் எனில் இரண்டு. இருபுறமும் எனில் மூன்று. எலும்பு மஜ்ஜை, கல்லீரல் போன்றவற்றில் பரவினால் நான்கு. நம் இளைஞனுக்குக் கழுத்தோடு நெஞ்சிலும் கட்டியிருந்தால் இரண்டாம் நிலை. காய்ச்சலும் வியர்வையும் சேர்வதால் 'பி' என்ற எழுத்து கூடும்.

இந்நோய் பெரும்பாலும் அடுத்தடுத்த கழலைக்கே படிப்படியாய்ச் செல்கிறது. ஆகவே அதன் வழியைக் கணித்துக் கதிர்வீச்சால் மறிக்க முடிந்தது. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ஐம்பதுகளிலேயே கோபால்ட் கருவி வந்தது. பேரணுக்கள் மருந்துக்கும் எளிதில் மடிபவை. எழுபதுகளில் மிலானில் பொனடோனா வகுத்த நான்கு மருந்துச் சேர்க்கை இன்றும் பரவலாக வழக்கிலுள்ளது. அது இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடுமாதலால் அளவு காத்தே தரப்படுகிறது. தொடக்க நிலையில் பத்தில் ஒன்பது பேரளவில் குணமடைகின்றனர். முற்றிய நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

அந்த வாய்ப்பு நாரணாபுரத்து இளைஞனை எட்டுவது, பலன் தராத மாத்திரையை எத்தனை மாதம் நம்பியிருப்பது என்பதைப் பொறுத்தது.