நைனாவோட பஞ்சப்படியும் சித்தப்பாவோட டீசலும்

 

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா ரொம்ப தூரமெல்லாம் இல்ல, எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துல நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு, அண்ணாந்து பார்த்தா புகைபோக்கி. எங்க நைனா துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பக்கத்து வீட்டுல இருக்கற சித்தப்பா ஃபைபர் போட்ல கடலுக்குப் போறவர். ஒரே தாத்தா, ஒரே சுவர், மீன் குழம்பு கூட ஒரே மாதிரிதான். நைனா பேப்பரைப் படிச்சுட்டு "பணவீக்கம் கொறஞ்சிருக்காம்"னு சொன்னதுக்கு, "உங்க வூட்ல கொறஞ்சிருக்கும், எங்க வூட்ல இன்னா கொறஞ்சுது?"ன்னு சித்தப்பா கேட்டுட்டார்.

கிண்டலாத்தான் கேட்டார். ஆனா பொட்டி தட்டுற பையனுக்கு ஒரு கேள்வி மாட்டினா தூக்கம் வராதே. தோண்டிப் பார்த்ததுல தெரிஞ்சது என்னன்னா, சித்தப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நைனா அந்தக் கணக்குக்கு உள்ளே இருக்கிறார், சித்தப்பா வெளியே இருக்கிறார். எப்படின்னு சொல்றேன்.

கதை 1930களில் ஆரம்பிக்குது. இந்த மாதிரி குறியீட்டெண்ணை முதல்ல போட்டவங்க பம்பாய்க்காரங்க, 1921ல். நம்ம சென்னையில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களோட வரவு செலவை 1935ல் ஆய்வு பண்ணி, 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரைக்குமான விலையை 100ன்னு வச்சு ஒரு வாழ்க்கைச் செலவுக் குறியீடு போட ஆரம்பிச்சாங்க. அரிசி, பருப்பு, விறகு, வேட்டி, வாடகைன்னு ஒரு குடும்பம் எதுக்கு எவ்வளவு செலவு பண்ணுதுன்னு பார்த்து, அதை அப்படியே ஒரு கூடையா உறைய வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் மாசா மாசம் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: அதே கூடையை இன்னிக்கு வாங்கினா எவ்வளவு ஆகும்? 1871ல் லாஸ்பேர்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் சொன்ன முறை இது. நம்ம பாஷையில சொன்னா, எடைகளை ஹார்ட்கோட் பண்ணிட்டு விலையை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கறது.

இது ஏதோ புள்ளிவிவரத் துறை சமாசாரம்னு நினைக்காதீங்க. 1940களின் பிற்பாதியில் சென்னை மாகாணத்துல தொழில் தீர்ப்பாயங்கள் கொடுத்த பல தீர்ப்புகள்ல பஞ்சப்படிக்கு ஒரே ஃபார்முலா வரும்: குறியீடு 100ஐத் தாண்டின ஒவ்வொரு புள்ளிக்கும் மாசம் 3 அணா. குறியீடு 300ல நிக்குதுன்னு வச்சுக்குவோம். 200 புள்ளி, 600 அணா, அதாவது 37 ரூபாய் 8 அணா. அடிப்படைச் சம்பளம் அதைவிடக் கம்மியா இருந்த ஆளுங்க நிறைய பேர். ஆக, சம்பளத்தோட பெரும்பாதி யாரோ ஒரு குமாஸ்தா சந்தையில எழுதிக்கிட்டு வர்ற விலையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கூடையில ஒரு தப்பு நடந்தா, அது அரிசிப் பானைக்குள்ள நடக்குற தப்பு.

தப்பு எப்படி நடக்கும்? ரொம்ப சத்தமில்லாம நடக்கும். யுத்த காலத்துல அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை இருந்துச்சு. கடையில அரிசி இல்லாட்டியும் அந்த விலையையே எழுதினா கூடை மலிவாத் தெரியும். ஒரு ரகத் துணி சந்தையை விட்டே போயிடும். அதுக்குப் பதிலா எதைச் சேர்க்கிறோங்கிறதுல ரெண்டு மூணு புள்ளி காணாமப் போயிடலாம். பம்பாய்ல தொழிலாளிங்க இதைக் கண்டுபிடிச்சுக் கத்தினாங்க. 1963 ஆகஸ்டில் அதுக்காகவே நகரமே நின்னுச்சு. அப்புறம் பேராசிரியர் லக்டாவாலா தலைமையில கமிட்டி போட்டு, குறியீடு உண்மையைவிடக் கம்மியாத்தான் காட்டியிருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. அகில இந்தியாவுலயும் ஒரு குறியீட்டெண்ணுக்காக வேலைநிறுத்தம் பண்ணின ஊரு அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். (ஏற்கனவே யாராச்சும் பண்ணியிருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.)

1946ல் சிம்லாவில் ஆரம்பிச்ச லேபர் பீரோதான் இப்போ தொழிற்சாலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை நாடு முழுக்கப் போடுது. அடிப்படை ஆண்டு 1960, 1982, 2001, 2016னு மாறிக்கிட்டே வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் வீடு வீடாப் போய் செலவு கேட்டு கூடையைப் புதுசா நெய்வாங்க. கடைசித் தடவை 2016 செப்டம்பர்லேர்ந்து 2017 ஆகஸ்ட் வரைக்கும், 88 மையங்களில். சென்னை அதில் ஒண்ணு.

நெய்தா என்ன மாறும்? 1982 கூடையில சாப்பாட்டுக்கு 57 பங்கு. 2001ல 46.2. 2016ல 39.17. வீட்டு வாடகை 8.67லேர்ந்து 15.27, அப்புறம் 16.87. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ், செல்போன் எல்லாம் அடங்கின "இதர" வகை 30.31க்கு வந்துடுச்சு. வருமானம் கூடக் கூட சாப்பாட்டோட பங்கு குறையுங்கிறது இயல்பு. ஆனா ஒண்ணைக் கவனிங்க: ஒரு கூடை பதினஞ்சு இருபது வருஷம் உறைஞ்சு கிடக்குது. 2020 அக்டோபர்ல 2016 அடிப்படை வெளியாகற வரைக்கும், 1999-2000ல ஒரு தொழிலாளி வீடு எப்படிச் செலவு பண்ணுச்சோ அதை வச்சுத்தான் கணக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு.

அந்த மாத்தத்தப்போ நைனாவோட சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டார். முந்நூத்தி சொச்சம் இருந்த குறியீடு ஒரே ராத்திரியில நூத்தி சொச்சமாயிடுச்சு, பஞ்சப்படியில கைவச்சுட்டானுங்கன்னு பதறிக்கிட்டு. கைவைக்கலை. அதுக்குத்தான் இணைப்புக் காரணின்னு ஒண்ணு இருக்கு: புது எண்ணை 2.88ஆல பெருக்கினா பழைய எண். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசு ஊழியர் பஞ்சப்படி இப்படித்தான் வருது:

```
DA% = ((12 மாத சராசரி x 2.88) - 261.42) / 261.42 x 100
```

2025 ஜூலைக்கு இது 58 சதவீதம்னு அறிவிச்சாங்க. அந்த 2.88 கொஞ்சம் கம்மியா இருந்தா? எல்லாருக்கும், எல்லா மாசமும், நிரந்தரமா கம்மி. பம்பாய்க்காரங்க சண்டைபோட்டதோட ஒரு பகுதி இந்தக் காரணியைப் பத்தித்தான்.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். லேபர் பீரோ யார் வீட்டுக் கதவைத் தட்டுது? ஏழு துறை: தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, பொதுப் போக்குவரத்து, மின்சாரம், துறைமுகம். இதில் உடலுழைப்பு வேலையிலேர்ந்து பாதிக்கு மேல வருமானம் வர்ற குடும்பமா இருக்கணும். நைனா துறைமுகம், உள்ளே. சித்தப்பா கடல், வெளியே. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டமாட்டாங்க. (நீங்க டிவியில பார்க்கிற பணவீக்கம் வேற, அது புள்ளியியல் அமைச்சகம் போடுறது, எல்லாக் குடும்பத்தையும் சேர்த்து. அதோட கூடையும் சராசரிதான்.)

சராசரிக் கூடைக்கும் சொந்த வீட்டுக்கும் எவ்வளவு தூரம்னு பார்க்க சித்திகிட்ட உக்காந்து ஒரு மாசக் கணக்கு எழுதினேன். சாப்பாடு சுமார் 55 பங்கு, மத்ததெல்லாம் 45. வாடகை சைபர், வீடு சொந்தம். இப்போ ஒரு வருஷத்துல சாப்பாடு 10 சதவீதம், வாடகை 3, மத்ததெல்லாம் 4 ஏறுதுன்னு கணக்குக்காக வச்சுக்குவோம். 2016 கூடையில் சாப்பாடு 39.17 பங்கு, அதில் 10 சதவீதம் 3.92. வாடகையிலேர்ந்து 0.51. மிச்சம் 43.96 பங்கு 1.76 தருது. மொத்தம் 6.2. சித்தி வீட்டுல 5.5ம் 1.8ம் சேர்ந்து 7.3. கடை, விலை, தெரு எல்லாம் ஒண்ணு; எடை மட்டும் வேற. ஒரு புள்ளிக்கு மேல வித்தியாசம். அடுத்த வருஷம் வாடகை எகிறி சாப்பாடு அப்படியே நின்னா சித்தி வீடு ஜெயிக்கும், அதையும் சொல்லிடணும். சொந்தப் பணவீக்கம்னா எப்பவும் அதிகமாத்தான் இருக்கணும்னு இல்ல.

இதை நான் பெருமையா விளக்கினதும் சித்தப்பா ஒரே கேள்வியில கவுத்துட்டார். "அதுல டீசல் எங்கடா?"

இல்ல. போட்டுக்கு ஊத்துற டீசல், ஐஸு, வலை இதெல்லாம் தொழில் செலவு. நுகர்வோர் கூடைன்னா வீடு நுகர்றது மட்டும்தான். அவர் விலைவாசின்னு சொல்லும்போது மனசுல முதல்ல வர்ற பொருளுக்கு எந்தக் கூடையிலயும் அவர் கொடுக்கிற எடை கிடையாது.

மீன் இன்னும் வில்லங்கம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாள்ல மீன் விலை ஏறும், குறியீடும் அதை விலையேற்றம்னு எழுதிக்கும். ஆனா சின்ன போட்ல போயிட்டு வர்ற சித்தப்பாவுக்கு அதுதான் நல்ல சீசன். நான் போட்ட 55 பங்குல மீனே இல்லைன்னு அப்புறம்தான் உறைச்சுது. காசு கொடுத்து வாங்கினதைத்தான் சித்தி சொன்னாங்க. பிடிச்சதுல ரெண்டை எடுத்துக் குழம்பு வச்சதைச் செலவுன்னே அவங்க நினைக்கலை. ரேஷன் அரிசியும் அப்படித்தான், 2011 ஜூன்லேர்ந்து நம்ம ஊர்ல இலவசம். செலவே இல்லாத பொருளுக்குக் கணக்குல எடையும் இல்ல. தட்டுல பாதி இந்த ரெண்டும்தான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் முகத்துவாரத்துல வந்து படிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? வலையெல்லாம் கறுப்பு. கொஞ்ச நாள் யாரும் ஆத்துப்பக்கம் இறங்கலை, பிடிச்சாலும் வாங்க ஆளில்லை. அந்த மாசம் சித்தி குழந்தைங்களுக்காகக் கடையில முட்டை வாங்கினாங்க, அட்டை அட்டையா. முட்டை விலை பெருசா மாறலை. அதுவரைக்கும் சைபர் ரூபாய்க்குக் கிடைச்ச குழம்பு காசுக்கு மாறிடுச்சு, அவ்வளவுதான். சைபர்லேர்ந்து ஏறினது எத்தனை சதவீதம்னு எக்ஸெல்ல போட்டுப் பார்த்தேன். #DIV/0!ன்னு வந்துச்சு. சித்தப்பாகிட்ட காட்டினேன், "இது இன்னாடா பாஷை?"ன்னுட்டு வலையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.