திரைக்கதை: சிறுகதையில் இல்லாத உறுப்புகள்

திரைக்கதை என்பது, ஒரு திரைப்படத்தில் காணப்படவும் கேட்கப்படவும் வேண்டிய யாவற்றையும், படப்பிடிப்புக்கு முன்னரே காட்சிக் கிரமமாக எழுதிவைக்கும் ஏடாகும். சிறுகதையில் பழகிய கை முதன்முதலாகத் திரைக்கதை எழுத அமரும்பொழுது, இரண்டிற்குமுள்ள பேதம் வசனத்தில் இருக்கிறதென்று எண்ணிவிடுவது சகஜம். வசனமோ சிறுகதையிலும் உண்டு. சிறுகதையில் அறவே காணப்படாதவை மூன்று: இடத்தையும் பொழுதையும் குறிக்கும் காட்சித் தலைப்பு, புலன்களுக்கு எட்டுவதை மாத்திரம் நிகழ்காலத்தில் சொல்லிச்செல்லும் விவரணை, தனித்து எழுதப்படும் சப்தக் குறிப்பு. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவையை முன்னிட்டு ஏட்டில் புகுந்தவை.

1895-இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரத்தில் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷ அளவுக்குள் முடிந்துவிட்டமையால், அவற்றுக்கு எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. 1902-இல் ஜார்ஜ் மெலியே சந்திர மண்டல யாத்திரையைப் படமாக்கிய காலத்தில், அவருடைய விலைப்பட்டியல் அக்கதையை முப்பது காட்சிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கொடுத்தது. அந்தத் தலைப்புகள் அங்கே நடப்பது இன்னதென்று சொல்லினவேயன்றி, காட்சி வீட்டுக்குள்ளா வெளியிலா, பகலா இரவா என்ற விசாரணையில் இறங்கவில்லை.

அவ்விசாரணை பணத்தையும் காலத்தையும் கணக்குப் பார்க்கிறவர்களால் நேர்ந்தது. 1912-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவில் சாண்டா மோனிகாவை அடுத்த மலைச்சாரலில் பரந்ததொரு படப்பிடிப்புத் தலத்தை அமைத்த தாமஸ் இன்ஸ், பல இயக்குநர்களை ஏககாலத்தில் வேலைவாங்கத் தலைப்பட்டபொழுது, ஒவ்வொருவர் பின்னாலும் தாம் ஓடிக்கொண்டிருக்க இயலாதென்பதை உணர்ந்து, காட்சிகளுக்கு எண்ணிட்டு, எந்த எந்தக் காட்சிகள் எந்த எந்த இடத்தில் எடுக்கப்பட வேண்டுமென்ற ஜாபிதாவையும் ஏட்டோடு சேர்க்கும் முறையை நிலைபெறச் செய்தார். கதையில் 3-ஆவதாகவும் 40-ஆவதாகவும் வருகிற இரண்டு காட்சிகள் ஒரே கூடத்தில் நடப்பவையானால், அவற்றை ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்துவிடுவதற்கு இந்த எண்ணும் இடக்குறிப்புமே வழிசெய்தன. இன்றும் ‘காட்சி 12 – உள் – சமையலறை – இரவு’ என்று எழுதுகிற புதிய எழுத்தாளர், அந்த வரியைப் படிக்கப்போகிறவர்கள் அரங்கம் அமைப்பவரும் விளக்குப் போடுபவரும் நடிகரின் தேதிகளைக் குறிப்பவருமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சிறுகதையாசிரியனுக்கு ரசிகன் ஒருவனே வாசகன். திரைக்கதை ஒரு தொழிற்கூடமே பிரித்துப் படிக்கிற ஏடு.

1927-இல் ‘ஜாஸ் பாடகன்’ வெளிவந்து பேசும் படத்தின் யுகம் தொடங்கியதும், வசனம் ஏட்டின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. தமிழில் இது அதிதீவிரமாக நிகழ்ந்தது என்றே சொல்ல வேண்டும். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்தது முதல், நாடக மேடையின் பாட்டும் பேச்சும் திரைக்கு இடம் பெயர்ந்தன, 1937-இல் வெளியான ‘அம்பிகாபதி’யின் வசனத்தால் இளங்கோவன் பெரும் புகழெய்தினார், 1952-இல் ‘பராசக்தி’ வந்தபொழுது மு. கருணாநிதியின் வசனத்தை ஜனங்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். அவ்வசனங்களின் அருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும், ‘கதை வசனம்’ என்ற பட்டம் ஏனைய உறுப்புகளை மறைத்துவிட்டது; விவரணைப் பகுதி பெரும்பாலும் இயக்குநரின் வாய்மொழிக்கு விடப்பட்டது. இன்று தமிழில் எழுதத் தொடங்குகிறவர் பலர் வசனத்தையே திரைக்கதையென்று நினைப்பதற்கு, என் அபிப்பிராயத்தில், இதுவே காரணம்.

அந்த மறைந்த பகுதியின் ஆற்றலை விளங்கிக்கொள்வதற்கு, தாகூர் 1901-இல் வங்காளத்தில் எழுதிய ‘நஷ்டநீட்’ என்ற நெடுங்கதையையும், அதை ஆதாரமாகக் கொண்டு சத்யஜித் ராய் தாமே திரைக்கதை எழுதி 1964-இல் எடுத்த ‘சாருலதா’வையும் ஒப்பிடுவதைக் காட்டிலும் நல்ல வழியில்லை. செல்வந்தனான பூபதி தன் பத்திரிகையில் மூழ்கிக் கிடந்த காலத்தில், பாலியத்தில் அவனை மணந்த சாரு யௌவனத்தை எய்திவிட்டதை அவன் கவனிக்கவில்லையென்று தாகூரின் கதைசொல்லி சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறான். அந்த வாக்கியங்களில் அடங்கியிருப்பவை வருஷங்கள். அவற்றில் குறிப்பிட்ட நாளும் இல்லை, குறிப்பிட்ட அறையும் இல்லை. காமிராவோ ‘வருஷங்கள்’ என்பதைப் படம் பிடிக்க மாட்டாது. அதற்கு ஒரு நாள், ஒரு பொழுது, ஓர் இடம் வேண்டும்.

ராய் ஒரு பிற்பகலைத் தேர்ந்தார். சாரு கைக்குட்டையில் கணவன் பெயரின் முதலெழுத்தைப் பூவேலையாகத் தைக்கிறாள், கடிகாரம் அடிக்கிறது, வேலைக்காரனைக் கூப்பிட்டுக் கணவனுக்குத் தேநீர் கொண்டுபோகச் சொல்கிறாள், அலமாரியில் புத்தகம் தேடுகிறாள். தெருவில் குரங்காட்டியின் உடுக்கைச் சப்தம் கேட்கிறது. அவள் கைப்பிடியுள்ள சிறு பார்வைக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி, மரச்சட்டங்களின் இடுக்கு வழியே குரங்கையும், பல்லக்கையும், குடை பிடித்துச் செல்லும் பருமனான மனிதரையும் பார்க்கிறாள். பிறகு பூபதி வருகிறான். ஒரு நூலை எடுத்து, அதைப் படித்தவாறே அவளைத் தாண்டிப் போகிறான். தெருவில் போகிறவர்களைப் பார்த்த அதே கண்ணாடியால் அவள் கணவனையும் பார்க்கிறாள். சில நிமிஷங்கள் நீடிக்கும் இப்பகுதியில் பேச்சு அபூர்வம். அவள் தனிமையில் இருக்கிறாளென்று ஒருவரும் சொல்லவில்லை.

இதை ஏட்டில் எழுதுவதாயின் என்ன நேரும் என்பதைப் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். ‘சாரு ஜன்னல் வழியே பல்லக்கைப் பார்த்தாள்’ என்பது சிறுகதையில் ஒரே வாக்கியம். திரைக்கதையில் அது ‘உள் – மாடி அறை – பகல்’ என்ற தலைப்பின்கீழ் சாருவுக்கு ஒரு பத்தியாகவும், ‘வெளி – தெரு – பகல்’ என்ற தலைப்பின்கீழ் பல்லக்குக்கு இன்னொரு பத்தியாகவும் பிரிந்துபோகிறது; ஏனெனில், அவை வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில், ஒருவரையொருவர் காணாத நடிகர்களைக்கொண்டு எடுக்கப்படக்கூடியவை. உடுக்கைச் சப்தம் குரங்குக்கு முந்தி எழுதப்பட வேண்டும். பிந்தி எழுதினால் அவள் ஜன்னலண்டை போவதற்குக் காரணமில்லாமல் போகும்.

புதியவர்களின் ஏடுகளில் அடிக்கடி காணப்படும் பிழைகளும் விவரணையிலேயே நேருகின்றன. ‘பத்து வயதில் தந்தையை இழந்த ராமன் பழைய நினைவுகளில் ஆழ்ந்தவனாய் உட்கார்ந்திருக்கிறான்’ என்று எழுதினால், திரையில் தெரியக்கூடியது உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் மட்டுமே. தந்தை இறந்த செய்தி எழுத்தாளருக்கும் ஏட்டைப் படித்தவருக்குமிடையே ரகசியமாகத் தங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய உபாயம் உண்டு: எழுதியதில் காமிராவும் ஒலிப்பதிவுக் கருவியும் பதிவுசெய்யக்கூடிய சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்ப்பது. கோடு விழாத பகுதிக்குச் செயலோ, பொருளோ, சப்தமோ ஒன்று தேடியாக வேண்டும். ‘தினந்தோறும்’, ‘வழக்கமாக’ என்ற சொற்களும் கோடு விழாதவையே. அன்றாட வழக்கத்தைக் காட்டுவதற்கு, சாருவின் பிற்பகலைப் போல, எல்லா நாட்களுக்கும் பிரதிநிதியாக நிற்கவல்ல ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நீளத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க வழக்கில், குறித்த எழுத்தளவிலும் ஓர அளவிலும் தட்டெழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷமென்று கொள்வார்கள். தமிழ் ஏடுகளில் பக்கத்தின் இடப்புறம் விவரணையும் வலப்புறம் வசனமுமாக எழுதும் வழக்கமும் இருந்துவருவதால், அக்கணக்கு இங்கே அப்படியே செல்லாது. காட்சியை வாய்விட்டு நடித்துப் பார்த்துக் கடிகாரத்தால் அளப்பதே பத்திரம்.

காமிரா எங்கே நிற்க வேண்டும், எப்பொழுது நெருங்க வேண்டும் என்பதையும் ஏட்டில் எழுத வேண்டுமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. மௌனப் பட காலத்துத் திரைக்கதைகள் ஒவ்வொரு ஷாட்டையும் குறித்தன. பிற்கால அமெரிக்க வழக்கம் காட்சியை முழுதாக எழுதிவிட்டு, ஷாட் பிரிப்பதை இயக்குநருக்கு விட்டுவிடுகிறது. ராய் இவ்விரண்டிலும் சேராதவர். எழுத்தாளரும் இயக்குநரும் தாமே ஆனதால், சிவப்புத் துணி பொதிந்த கணக்குப் புத்தகங்களில் வசனத்தோடு காட்சிச் சித்திரங்களையும் உடையின் உருவங்களையும் இசைக் குறிப்புகளையும் தம் கையாலேயே வரைந்துகொண்டார். பிறர் இயக்கப்போகும் படத்துக்கு எழுதுகிறவர் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பல்லக்கு தெரியும் தூரத்தைத் தீர்மானிப்பது இயக்குநருடைய வேலை, அதைப் பார்ப்பதற்குச் சாருவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுப்பது எழுத்தாளருடைய வேலை.