எதனால் வகுப்பது? ஒரு வினைச்சொல்லின் தகராறும் தரவக மொழியியலின் வளர்ச்சியும்

1998 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மஸ்கரெல்லோ வழக்கில் வாதம் முழுவதும் ‘கேரி’ என்ற ஒரே வினைச்சொல்லைச் சுற்றியே நடந்தது. போதைப்பொருள் விற்பனைக் குற்றத்தின்போது, அதன் தொடர்பாக, துப்பாக்கியைப் பயன்படுத்தியவருக்கும் ‘கேரி’ செய்தவருக்கும் கூடுதலாக ஐந்தாண்டுச் சிறை என்றது அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம். மஸ்கரெல்லோ தன் லாரியில் கஞ்சா ஏற்றிச் சென்று விற்றவர். அவருடைய துப்பாக்கி லாரியின் முன்பக்க அறைப்பெட்டியில் பூட்டப்பட்டிருந்தது. அதை அவர் பயன்படுத்தினார் என்று சொல்ல வழியில்லை. ‘பயன்படுத்துதல்’ என்றால் துப்பாக்கியைச் செயலில் இறக்குவதுதான் என்று 1995-இலேயே பெய்லி வழக்கில் அதே நீதிமன்றம் குறுக்கியிருந்தது. எனவே மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: வண்டியில் பூட்டிவைத்துக் கொண்டுபோவதும் ‘கேரி’தானா, அல்லது இடுப்பிலோ சட்டைப்பையிலோ கையிலோ இருந்தால்தான் ‘கேரி’யா? சட்டம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. அப்படிப்பட்ட சொல்லுக்கு மக்கள் வழங்கும் சாதாரணப் பொருளையே கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பழைய விதி. சாதாரணப் பொருள் எது என்று கண்டறியும் வழியைத்தான் அந்த விதி சொல்வதில்லை.

ஐவர் அணியின் சார்பில் எழுதிய நீதிபதி ஸ்டீவன் பிரையர் முதலில் அகராதிகளைத் திறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ‘கேரி’க்குத் தரப்பட்ட முதல் பொருள் வண்டியிலோ கப்பலிலோ குதிரையிலோ கொண்டுபோவது. சொல்லின் வேரும் வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்தான். அடுத்து விவிலியத்திலிருந்தும் ‘ராபின்சன் குரூசோ’, ‘மோபி டிக்’ ஆகிய நாவல்களிலிருந்தும் சான்று காட்டினார். அதோடு நிற்காமல் அவர் செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட செய்தித்தாள்களின் கணினித் தொகுப்புகளில் ‘கேரி’, வண்டி, ஆயுதம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் வாக்கியங்களைத் தேடச் செய்தார். ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றிலிருந்து குலுக்கல் முறையில் சிலவற்றை எடுத்துப் பார்த்தபோது, பலவும், ஒருவேளை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை, துப்பாக்கியை வண்டியில் கொண்டுபோவதைக் குறித்தன என்று தீர்ப்பில் பதிவு செய்தார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் உடனே திருப்பிக் கேட்டார்: மற்ற இரண்டு பங்கில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? நாலுக்கு ஐந்து என்ற கணக்கில் அவர் தரப்பு தோற்றது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

பிரையரின் எண்ணிக்கையில் தவறு எங்கே? தேடும்போதே ‘வண்டி’ என்ற சொல்லைத் தேடலுக்குள் போட்டதில். கேள்வி, துப்பாக்கியோடு சேர்ந்து வரும்போது ‘கேரி’ பெரும்பாலும் எதைக் குறிக்கிறது என்பது. அதற்கு ‘கேரி’யும் துப்பாக்கியும் சேர்ந்து வரும் எல்லா வாக்கியங்களும் பின்னத்தின் பகுதியாக இருக்க வேண்டும், வண்டியில் கொண்டுபோவதைக் குறிப்பவை தொகுதியாக இருக்க வேண்டும். அவரோ வண்டி பேசப்படும் வாக்கியங்களை மட்டும் பொறுக்கிப் பகுதியாக்கினார். இப்படிச் செய்தால் இடுப்பில் துப்பாக்கி செருகியவர்களைப் பற்றிய வாக்கியங்களில் வண்டி குறுக்கே வராதவை எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். தனக்குச் சாதகமாகச் சாய்த்துவைத்த அந்தத் தேடலிலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுதான் தேறியது என்பது அவர் முடிவை வலுப்படுத்தவில்லை, பலவீனப்படுத்துகிறது. அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘இப்படியொரு வழக்கு ஆங்கிலத்தில் உண்டா’ என்பது கேள்வியானால் பத்து வாக்கியங்களே போதும், அதை அவர் ஐயமின்றி நிறுவிவிட்டார். ‘இதுதான் சாதாரண வழக்கா’ என்ற கேள்விக்கு விகிதம் வேண்டும். இருப்பதைக் காட்டும் சான்றை, மிகுதியைக் காட்டும் சான்றாகக் கொண்டதே குறை.

இந்த வேறுபாட்டை அகராதிக்காரர்கள் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே 1879-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பேசும்போது ஒரு சங்கடத்தை வெளியிட்டார். நூல்களைப் படித்து மேற்கோள் சீட்டு எழுதி அனுப்பிய தன்னார்வலர்கள், கண்ணில் புதிதாகப் பட்ட சொல்லையே குறித்துக்கொண்டார்கள். ‘அபியூஷன்’ என்ற அரிய சொல்லுக்கு ஏறத்தாழ ஐம்பது சீட்டு வந்திருந்தது, எங்கும் வழங்கும் ‘அபியூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. சீட்டுகளை எண்ணியவருக்கு அரியது பெருவழக்காகவும் பெருவழக்கு அரியதாகவும் தோன்றும். காரணம், படித்தவர்கள் கடந்துபோன சொற்கள் எத்தனை என்பதற்குக் கணக்கே இல்லை. அதற்கு முதல் மருந்து 1960-களில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 1961-இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து, பதினைந்து வகைகளில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளை நெல்சன் பிரான்சிஸும் ஹென்றி குசேராவும் தேர்ந்தெடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். மொத்தம் பத்து லட்சம் சொற்கள். இன்றைய கண்ணுக்கு அது சிறிது. ஆனால் ஒரு சொல்லை எவரும் தம் விருப்பப்படி குறித்துக்கொள்ளவோ விட்டுவிடவோ முடியாத தொகுப்பு அது. எந்த எண்ணிக்கையையும் பத்து லட்சத்துக்கு இத்தனை என்று சொல்ல முடிந்தது. பின்னத்தின் பகுதி என்ன என்பது எண்ணத் தொடங்கும் முன்பே நிலைபெற்றுவிட்டது. தரவக மொழியியலின் உண்மையான தொடக்கத்தை நான் இந்த ஒழுங்கில்தான் காண்கிறேன், கணினியின் வேகத்தில் அல்ல.

2008-இல் மார்க் டேவிஸ் வெளியிட்ட தற்கால அமெரிக்க ஆங்கிலத் தரவகம், பேச்சு, புனைகதை, வார மாத இதழ், செய்தித்தாள், ஆய்விதழ் என்ற ஐந்து வகையையும் ஏறக்குறைய சம அளவில் வைத்துக் கோடிக்கணக்கான சொற்களோடு பொதுமக்களுக்குத் திறந்தது. இரண்டே ஆண்டுகளில் ஸ்டீபன் மௌரிட்சன் பிரிகாம் யங் பல்கலைக்கழகச் சட்ட இதழில் மஸ்கரெல்லோ கணக்கை அதில் மறுபடி போட்டார். இத்தகைய ஆய்வு நடக்கும் முறை எளியது, ஆனால் பொறுமை கேட்பது. ‘கேரி’யின் எல்லா வினைவடிவங்களையும், அவற்றுக்கு ஓரிரு சொல் தொலைவில் வரும் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, ரைஃபிள் முதலிய பெயர்களையும் தேட வேண்டும். வண்டியைத் தேடக் கூடாது. கிடைக்கும் வரிகளைச் சொல் நடுவில் நிற்க ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் தொடரடைவு கிடைக்கும். பிறகு ஒவ்வொரு வரியையும் சுற்றுச் சூழலோடு படித்து, உடம்பில், வண்டியில், தெளிவில்லை என்று பிரிக்க வேண்டும். ஒருவர் பிரித்ததைக் காணாமல் இன்னொருவரும் பிரித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால்தான் பிரிப்பவரின் சாய்வு தெரியவரும். தொல்லை தருவது மூன்றாவது குவியல்தான். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் உண்டு என்று மட்டும் சொல்லும் வரி எந்தப் பக்கமும் சேராது. அதை வசதிக்கேற்ப ஒரு பக்கம் தள்ளினால் முடிவே மாறிவிடும். எனவே அதைத் தனியாகவே வைத்துச் சொல்ல வேண்டும். இப்படி எண்ணியபோது பொருள் தெளிவாகத் தெரிந்த வரிகளில் மிகப் பெரும்பான்மை உடம்பில் வைத்திருப்பதையே குறித்தது. வண்டியில் கொண்டுபோவது அரிதாகவே தலைகாட்டியது.

இதற்கு எதிரான வலுவான வாதத்தை லாரன்ஸ் சோலனும் டாமி கேல்ஸும் ஒரு பறவையை வைத்து எழுப்பினார்கள். நம் ஊர் ஆறுமணிக்குருவியின் உறவான நீலப் பிட்டா, ஆசியக் காடுகளில் வாழ்வது. அமெரிக்கத் தரவகத்தில் அதன் பெயரைக் காண்பதே அரிது. அதனால் அது பறவை இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு பொருள் எழுத்தில் அரிதாக வருவது, உலகில் அந்தப் பொருளே அரிதாக இருப்பதால் இருக்கலாம், சொல் அதை விலக்குவதால் இருக்க வேண்டியதில்லை. மறுக்க முடியாத வாதம் இது. ஆனால் ‘கேரி’ விஷயத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பார்வையைத் திருப்பி, வண்டிக்குள் துப்பாக்கி இருப்பதைச் சொல்லும் வாக்கியங்களை எல்லாம் திரட்டி, அங்கே எழுதுபவர்கள் எந்த வினைச்சொல்லை எடுக்கிறார்கள் என்று எண்ணலாம். அப்படிப்பட்ட வாக்கியங்களே அரிதாக இருந்தால் நீலப் பிட்டாவின் கதைதான், எண்ணிக்கை எதையும் தீர்க்காது. அவை ஏராளமாக இருந்தும் எழுதுபவர்கள் ‘வைத்திருந்தான்’, ‘கிடந்தது’, ‘ஏற்றிச் சென்றான்’ என்பதற்குரிய சொற்களையே எடுத்து ‘கேரி’யைத் தவிர்த்தால், அந்தத் தவிர்ப்பே வழக்கைக் காட்டும் சான்று. இங்கே பகுதி மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். முதல் கணக்கு சொல்லிலிருந்து பொருளுக்குப் போனது, இது பொருளிலிருந்து சொல்லுக்குப் போகிறது. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் ஒரு முடிவை நான் உறுதியென்று ஏற்பேன்.

ஒரே தரவகத்தைப் பார்த்துவிட்டு எதிரெதிர் முடிவுக்கு வரும் நீதிபதிகள் உண்டே, பிறகு எண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் 2016 ஹாரிஸ் வழக்கைக் காட்டுவார்கள். துறை விசாரணையில் காவலர்கள் சொன்ன பொய், சட்டம் பாதுகாக்கும் ‘தகவல்’ என்பதற்குள் அடங்குமா என்பது அங்கே கேள்வி. பெரும்பான்மையினர் மேற்சொன்ன தரவகத்தைத் திறந்து, ‘தகவல்’ என்ற சொல்லுக்கு முன் ‘சரியான’ என்ற அடையும் ‘தவறான’ என்ற அடையும் சாதாரணமாக வருவதைக் கண்டு, அச்சொல் இரண்டையும் குறிக்கும் என்றார்கள். மாற்றுத் தீர்ப்பு எழுதியவர்களும் அதே தரவகத்தைப் பார்த்தார்கள். அடை எதுவும் இல்லாமல் தனித்து வரும்போது அச்சொல் உண்மையான தகவலையே குறிக்கிறது என்றார்கள். எண்ணிக்கை இரண்டு நாக்கால் பேசியது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தரப்பு அடையோடு வரும் வரிகளை எண்ணியது, மறுதரப்பு அடையில்லாத வரிகளை எண்ணியது. சட்ட வாசகத்திலோ ‘தகவல்’ அடையின்றித் தனியாக நின்றது. அந்த வாசகத்துக்கு ஒத்த வரிகள் எவை என்று கேட்டால் மாற்றுத் தரப்பின் கணக்கே பொருத்தமானது என்பது என் கருத்து. பாதுகாப்பு எத்தனை விரிவாக இருக்க வேண்டும் என்று சட்டமன்றம் நினைத்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை எந்தத் தரவகத்திலும் இல்லை.

மஸ்கரெல்லோ தீர்ப்பு வந்த சில மாதங்களில், 1998 நவம்பரில், அமெரிக்கக் காங்கிரஸ் அந்தச் சட்டத்தைத் திருத்தி, குற்றத்துக்குத் துணையாகத் துப்பாக்கியை ‘உடைமையில் வைத்திருப்பதையும்’ சேர்த்துக்கொண்டது. பழைய வாசகத்தின்கீழ் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் அறைப்பெட்டியில் பூட்டப்பட்ட துப்பாக்கி ‘கேரி’ செய்யப்பட்டதாகவே ஏட்டில் நின்றது.