அமாத்தியகாரகன்: ராஜாவுக்கு அடுத்த கிரகம்

"எனக்கு எந்தத் தொழில் அமையும்?" என்று கேட்டால் நம்மூர் ஜோதிடர்கள் பெரும்பாலும் பத்தாம் வீட்டைத்தான் பார்ப்பார்கள். ஜைமினி முறையைப் பின்பற்றுபவர்கள் கூடவே இன்னொன்றையும் பார்க்கிறார்கள். அதுதான் அமாத்தியகாரகன். ஒருவருடைய தொழிலையும், வாழ்க்கையில் அவருக்கு ஆலோசனை சொல்ல வருபவர்களையும் இந்த ஒரே கிரகம் காட்டும் என்பது அவர்கள் கருத்து. இரண்டு வேலைகள் ஒரே கிரகத்திடம் ஏன் வந்தன, அந்தக் கிரகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதில் எங்கே சிக்கல் வருகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் பெயர். 'அமா' என்றால் வடமொழியில் 'வீட்டில், உடன்' என்று பொருள். அமாத்தியன் என்றால் உடனிருப்பவன். பிறகு அது அரசனின் அமைச்சனைக் குறிக்கும் சொல்லாயிற்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அமாத்தியர்கள் அரசனுக்கு யோசனை சொல்பவர்கள் மட்டுமல்ல, நிர்வாகத்தை நடத்தும் உயர் அதிகாரிகளும் அவர்களே. அரசன் விரும்புவான், அமாத்தியன் செய்து முடிப்பான். ஜைமினி முறை இந்த அரசவையை அப்படியே ஜாதகத்துக்குள் கொண்டு வந்தது. ஆத்மகாரகன் ராஜா, அதற்கு அடுத்தது மந்திரி. ஆலோசனையும் வேலையும் ஒரே கிரகத்திடம் சேர்ந்ததற்குக் காரணம் இந்த உவமைதான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜைமினியின் பெயரில் வழங்கும் உபதேச சூத்திரம் அமாத்தியகாரகனைப் பற்றி மிகச் சுருக்கமாகவே சொல்கிறது. ஆத்மகாரகனைப் பின்தொடர்வது அமாத்தியன், அவ்வளவுதான். அந்த நூலில் தொழில் பலன்கள் விரிவாக வருவது காரகாம்சம் பற்றிய பகுதியில். அதாவது, ஆத்மகாரகன் நவாம்சத்தில் நிற்கும் ராசியில். அமாத்தியகாரகனைத் தொழில் கிரகமாக முன்னால் நிறுத்தியதில் இருபதாம் நூற்றாண்டு ஜோதிடர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜசபை போய் அலுவலகம் வந்த காலத்தில் மந்திரிக்கும் உத்தியோகம் மாறிவிட்டது!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கிரகம் எந்த ராசியில் இருக்கிறது என்பது இங்கே முக்கியமல்ல. அந்த ராசிக்குள் எத்தனை பாகை கடந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அதிகம் கடந்தது ஆத்மகாரகன், இரண்டாவது அமாத்தியகாரகன். லக்னமே தேவையில்லை என்பதால், பிறந்த நேரத்தில் சில நிமிடம் தவறினாலும் பாதகமில்லை என்பார்கள். வேகமாக நகரும் சந்திரன் மட்டும் விதிவிலக்கு.

சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்களை மட்டும் எடுப்பதா, ராகுவையும் சேர்த்து எட்டாக எடுப்பதா? சூத்திரமே 'ஏழு அல்லது எட்டு' என்று சொல்லி விட்டுவிடுகிறது. டெல்லியைச் சேர்ந்த கே.என்.ராவ் ஏழு போதும் என்கிறார். சஞ்சய் ராத் போன்றவர்கள் எட்டு எடுக்கிறார்கள். ராகு பின்னோக்கி நகர்வதால் அதன் பாகையை 30-லிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இது சின்ன வேறுபாடு போலத் தெரியும். ஒரு ஜாதகத்தில் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். ஜவகர்லால் நேருவை எடுத்துக்கொள்வோம். பிறந்தது 1889 நவம்பர் 14, அலகாபாத், இரவு 11 மணி சுமாருக்கு. லாகிரி அயனாம்சப்படி சந்திரன் கடகத்தில் 17 பாகை 50 கலையை ஒட்டி இருக்கிறது. புதன் துலாத்தில் 17 பாகை 8 கலை. குரு 15 பாகை அளவில். மற்றவை அதற்கும் கீழே.

ஏழு கிரகக் கணக்கில் சந்திரன் ராஜா, புதன் மந்திரி. புதன் எழுத்துக்கும் பேச்சுக்கும் உரிய கிரகம். நேரு 1912-ல் வழக்கறிஞர் ஆனவர், 1936-ல் சுயசரிதையும் 1946-ல் 'கண்டுணர்ந்த இந்தியா'வும் வெளியிட்டவர். ஆலோசகர் என்று பார்த்தால் வாதத்தில் வல்ல வி.கே.கிருஷ்ண மேனன். அபாரமாகப் பொருந்துகிறது இல்லையா?

இப்போது ராகுவைச் சேர்ப்போம். மிதுனத்தில் 12 பாகை 44 கலை. 30-லிருந்து கழித்தால் 17 பாகை 16 கலை. புதனைவிட 8 கலை அதிகம்! முழு நிலவின் விட்டத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் புதன் பதவி இழக்க, ராகு அமாத்தியகாரகன் ஆகிறது. ராகு அந்நியரையும் அரசியலையும் குறிப்பது. 1947-ல் நேருவின் அருகில் இருந்த மவுண்ட்பேட்டனைக் காட்டினால் இதுவும் பொருந்திவிடும்.

இன்னும் முடியவில்லை. மேலே சொன்னது சராசரி ராகு. சந்திரப் பாதை சீராக நகர்வதாக வைத்துப் போடும் கணக்கு அது. உண்மையில் அது முன்னும் பின்னுமாக ஒன்றரை பாகை வரை ஆடுகிறது. அந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அன்று ராகு மிதுனத்தில் 11 பாகை 27 கலை. கழித்தால் 18 பாகை 33 கலை. சந்திரனையே தாண்டிவிட்டது! ராகு ராஜா, சந்திரன் மந்திரி. சந்திரன் பெண்களையும் மக்கள் கூட்டத்தையும் காட்டும். தங்கை விஜயலட்சுமி பண்டிட் 1953-ல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவர், மகள் இந்திரா 1959-ல் காங்கிரஸ் தலைவர். மூன்றாவது முறையும் பொருந்துகிறது.

அயனாம்சத்தை மாற்றினால் இன்னொரு வேடிக்கை. பி.வி.ராமனின் அயனாம்சம் லாகிரியைவிட ஏறத்தாழ ஒன்றரை பாகை குறைவு. அதனால் எல்லாக் கிரகங்களின் பாகையும் கூடும். ஆனால் ராகுவைக் கழித்து எடுப்பதால் அதன் கணக்கு மட்டும் குறையும். ராமன் அயனாம்சத்தில் எந்த ராகுவைச் சேர்த்தாலும் அது புதனுக்குக் கீழேதான் நிற்கிறது. மந்திரி பதவி மீண்டும் புதனுக்கே! இதற்கு மேல், நேரு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பிறந்திருந்தால் சந்திரன் புதனுக்குக் கீழே போய், ஏழு கிரகக் கணக்கிலேயே புதன் ராஜா ஆகியிருக்கும்.

ஆக, ஒரே மனிதருக்கு மூன்று மந்திரிகள். மூவருக்கும் வாழ்க்கை வரலாற்றிலிருந்து ஆதாரம் காட்ட முடிகிறது. நேரு போல எழுத்து, அரசியல், குடும்பம், மக்கள் என்று எல்லாம் நிறைந்த வாழ்க்கையில் எந்தக் கிரகத்துக்கும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். நடந்து முடிந்ததற்குப் பொருத்தம் காட்டுவதை வைத்து ஒரு விதியைச் சரி என்று சொல்ல முடியாது. 'பிரபலங்களின் ஜாதகத்தில் அமாத்தியகாரகன்' என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கு யாராவது அமாத்தியகாரகனை வைத்து "கம்ப்யூட்டர் வேண்டாம், காமர்ஸ் எடு" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏழா எட்டா? எட்டு என்றால் எந்த ராகு? எந்த அயனாம்சம்? பிறகு இரண்டாம் இடத்துக் கிரகத்துக்கும் அதன் மேலும் கீழும் உள்ளவற்றுக்கும் எத்தனை பாகை இடைவெளி என்று பாருங்கள். ஒரு பாகைக்கும் குறைவு என்றால், அந்த முறையின் சொந்தக் கணக்குப்படியே மந்திரி யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த மந்திரியின் பேச்சைக் கேட்டு மூன்று வருடப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.