சம்பளக் குடும்பத்தின் ஐந்தொகை: வீடு, தங்கம், கடன்

பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், ஃபோபூர் சேன் தெனித் தெருவில் காய்கறிக் கடைகளுக்கும் புடவைக் கடைகளுக்கும் நடுவே தமிழ் நகைக்கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கிய சங்கிலியையும் வங்கியில் எடுத்த வீட்டுக் கடனையும் ஒரே நோட்டில் எழுதும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் அது வரவு செலவுக் கணக்காகவே நின்றுவிடுகிறது. மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பதை அது சொல்லும். குடும்பத்துக்கு என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு ஐந்தொகை வேண்டும்: ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் கடன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகரச் சொத்து.

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கொடுத்த பணத்தில் எவ்வளவு சொத்தாக மாறியது, எவ்வளவு செலவாகப் போனது?

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2,30,000 யூரோவுக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்குகிறார்கள். நொத்தேர் கட்டணமாகவும் பதிவு வரியாகவும் இன்னும் 18,000 போகிறது. இந்தப் 18,000 சொத்தல்ல, செலவு. நாளைக்கே வீட்டை விற்றாலும் அது திரும்பி வராது. ஆகவே சொத்துப் பக்கத்தில் 2,30,000 மட்டுமே எழுத வேண்டும்.

வங்கி 2,00,000 யூரோவை 3.5 சத வட்டியில் 20 ஆண்டுகளுக்குத் தருகிறது. மாதத் தவணை 1,160 யூரோ. கடன் காப்புறுதி 40 என்று கொண்டால் மொத்தம் 1,200. இதை அப்படியே செலவு என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. முதல் மாதத்தில் வட்டி 583, காப்புறுதி 40, இவை செலவு. மீதி 577 கடனைக் குறைக்கிறது, அதாவது சேமிப்பு. முதல் ஆண்டு முடிவில் இப்படி ஏறக்குறைய 7,030 யூரோ சேர்ந்திருக்கும். வங்கி தரும் தவணை அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே மீதிக் கடன் அச்சிடப்பட்டிருக்கும். கடன் பக்கத்தில் எழுத வேண்டிய எண் அதுதான்.

இனித் தங்கம். வீட்டுக்கு நொத்தேர் கட்டணம் எப்படியோ, நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் அப்படி. சுத்தத் தங்கம் கிராம் 100 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பவுன் சங்கிலி 40 கிராம். 22 காரட் என்பதால் அதிலுள்ள சுத்தத் தங்கம் 36.67 கிராம், அதாவது 3,667 யூரோ. கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்த்து நீங்கள் கொடுத்தது 4,400. விற்கப் போனால் கடைக்காரர் பத்து சதம் கழித்து 3,300 தருகிறார் என்று கொள்வோம். சொத்து 3,300, மீதி 1,100 அணிந்து மகிழ்ந்த செலவு. நோட்டில் நகையைக் கிராமாக எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விலை போடுங்கள். விலை ஏறியதால் கூடிய தொகையைச் சேமிப்போடு கலக்காமல் தனி வரியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒன்றுமே சேமிக்காத ஆண்டும் சேமித்த ஆண்டு போலத் தெரியும்.

பிரான்சில் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். நகை விற்பனை 5,000 யூரோவைத் தாண்டினால் விற்ற தொகையில் 6.5 சதம் வரி. வாங்கிய தேதியையும் விலையையும் காட்டப் பற்றுச்சீட்டு இருந்தால், இதற்குப் பதிலாக லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். 22 ஆண்டுகள் வைத்திருந்ததை நிரூபித்தால் வரியே இல்லை. ஆகவே பற்றுச்சீட்டு நகையோடு சேர்ந்த சொத்து.

இந்தக் குடும்பத்திடம் 30 பவுன், அதாவது 240 கிராம் நகை இருக்கிறது. மேலே சொன்ன கழிவும் வரியும் போக அதன் மதிப்பு சுமார் 18,500. லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கில் 12,000. வீட்டையும் சேர்த்தால் சொத்து 2,60,500; கடன் 2,00,000; நிகரம் 60,500 யூரோ.

அவசரத்துக்கு நகையை அடகு வைத்தால்? பாரிஸில் அதற்கென நகராட்சியின் அடகு நிலையமே உண்டு, பெயர் க்ரெதி முனிசிபால். 1637இல் தொடங்கிய மரபு. பாரிஸ்காரர்கள் அதைச் செல்லமாக ‘அத்தை’ என்பார்கள். அங்கே பெற்ற பணம் வருமானமல்ல. நகை சொத்துப் பக்கத்திலேயே இருக்கும். கையில் பணம் கூடும். அதே அளவு கடனும் கூடும். அன்றைக்கு நிகரச் சொத்து ஒரு யூரோகூட மாறாது. மாறியிருந்தால் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதன்பின் ஏறும் வட்டிதான் நிகரத்தைக் குறைக்கத் தொடங்கும்.