ரூபாவின் விலை: நிலைத்த வீதமும் மிதக்கும் வீதமும்



கொழும்பின் வடகோடியிலே களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற்கு முகத்துவாரம் என்று பெயர். அதற்குத் தெற்கே அடுத்திருப்பது துறைமுகம். 2021 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அத்துறைமுகத்திலே அரிசி, சீனி, பருப்பு, பால்மா முதலிய உணவுப் பொருள்கள் அடங்கிய கொள்கலன்கள் ஆயிரத்திற்கும் மேலாகத் தேங்கிக் கிடந்தன. அவற்றை வாங்குவதற்கு மக்கள் இருந்தார்கள். வணிகரிடம் ரூபாவும் இருந்தது. அந்த ரூபாவைக் கொடுத்துப் பெறுவதற்கு வங்கிகளில் டொலர் இருக்கவில்லை. ஆயினும் அந்நாளில் ஒரு டொலரின் விலை என்னவென்று வினவியிருந்தால், ஏறக்குறைய 203 ரூபா என்ற அதே விடைதான் மாதக்கணக்காகக் கிடைத்திருக்கும். பொருளோ இல்லை, அதன் விலையோ அசையவில்லை. இந்தப் புதிரை விடுவிப்பதற்கு நமது ரூபாவின் சரித்திரத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

நாணய மாற்று வீதம் என்பது பிற நாட்டு நாணயம் ஒன்றிற்கு நமது நாணயத்தில் நாம் கொடுக்கும் விலை. அந்த விலையை அரசாங்கம் ஓர் அளவில் நிறுத்தி, அவ்விலைக்கே கொடுக்கவும் வாங்கவும் ஆயத்தமாக இருப்பது நிலைத்த வீதம். கொடுப்போரும் வாங்குவோரும் சந்தையிலே அதனை நாள்தோறும் தீர்மானிக்க விடுவது மிதக்கும் வீதம். இவற்றுள் ஒன்று நல்லது, மற்றது தீயது என்று சொல்லிவிட இயலாது. நாட்டிற்கு ஓர் அதிர்ச்சி நேரும்போது அதன் சுமை எங்கே இறங்குகிறது என்பதிலேதான் இவற்றின் வேறுபாடு இருக்கிறது.

முதலில், வீதம் உறுதியாக நிலைத்திருந்த காலத்தைப் பார்ப்போம். கோப்பிச் செடிகளை நோய் அழித்ததனால் தோட்டங்கள் நலிந்தன. அத்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் முறிந்தது. இலங்கையில் அந்நாளில் புழங்கிய நாணயத்தாள்களிற் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவையே. தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை வழங்கினார். அதே ஆண்டிற் பிறந்த சட்டத்தின்படி, நாணயத்தாள் வெளியிடும் அதிகாரம் நாணய ஆணையாளர் சபையிடம் சேர்ந்தது.

அச்சபையின் வேலை மிக எளியது. இந்திய ரூபாவைக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்கு ஈடாக இலங்கை ரூபாவைக் கொடுக்கும். இலங்கை ரூபாவைத் திருப்பிக் கொடுத்தால் இந்திய ரூபாவைக் கொடுக்கும். அரசாங்கத்திற்குக் கடன் கொடுப்பதற்காகத் தாள் அச்சிடுவது அதன் தொழிலன்று. ஆகவே ஒரு ரூபாவுக்கு ஒரு ரூபா என்ற அந்த வீதம் பல பத்தாண்டுகள் ஆட்டங்காணாமல் நின்றது. கல்கத்தாவிலிருந்து அரிசி தருவிக்கும் வணிகருக்கும், ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளிக்கும் அது பெரும் வசதியாக இருந்தது.

ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. தேயிலையும் றப்பரும் விலை வீழ்ந்தால், நாட்டிற்குள் வரும் பணம் குறையும். புழக்கத்திலுள்ள ரூபாவும் தானாகவே சுருங்கும். வீதம் அசையாதபடியால் வேறேதாவது அசைந்தே ஆகவேண்டும். 1930 ஐ அடுத்த உலகப் பொருளாதார மந்தத்தின்போது அசைந்தது கூலி. தோட்டத் தொழிலாளருக்குச் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்ச வேதனமே வெட்டப்பட்டது. வேலை இழந்த பல்லாயிரவர் கப்பலேறி இந்தியா திரும்பினர். நாணயத்தின் மதிப்புக் காக்கப்பட்டது. அதன் சுமை லயன் அறைகளில் இறங்கியது.

சுதந்திரத்தின் பின்னர் இந்த முறை ஓர் அடிமை விலங்கு போலத் தோன்றியதில் வியப்பில்லை. அமெரிக்கப் பொருளியல் வல்லுநரான ஜோன் எக்ஸ்டர் அளித்த அறிக்கையின் வழியே 1949 ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டம் நிறைவேறிற்று. 1950 ஆகஸ்ட் 28 ஆம் நாள் மத்திய வங்கி திறக்கப்பட்டது. வீதம் முன்போல் நிலைத்ததாகவே இருந்தது. டொலர் ஒன்றிற்கு 4 ரூபா 76 சதம். ஆனால் உள்ளே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. ரூபாவை உண்டாக்கவும் அரசாங்கத்திற்குக் கடன் கொடுக்கவும் இப்போது ஒரு நிறுவனம் இருந்தது. நிலைத்த வீதத்தைக் காப்பதற்குத் தானியங்கும் கட்டுப்பாடு போய், ஆள்வோரின் தன்னடக்கம் ஒன்றே காவலாயிற்று.

அந்தக் காவலுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. கொரிய யுத்தத்தினால் றப்பர் விலை ஏறியபோது செலாவணி குவிந்தது. 1952 இல் விலை இறங்கியது. அரிசி விலையோ ஏறியது. பங்கீட்டு அரிசியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதற்கு அரசாங்கம் பெருந்தொகை செலவிட்டது. வெளிநாட்டு ஒதுக்குகள் கரைந்தன. 1953 இல் அரசாங்கம் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். வீதத்தைக் காப்பதற்காக மக்களின் செலவைச் சுருக்குவது எத்துணைக் கடினம் என்பதை அரசியல்வாதிகள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

பின்னர் வந்த அரசாங்கங்கள் மூன்றாவது வழி ஒன்றைத் தேடின. வீதமும் அசையக்கூடாது, உள்நாட்டுச் செலவும் சுருங்கக்கூடாது என்றால், இறக்குமதியை உத்தரவுச் சீட்டினால் கட்டுப்படுத்துவது ஒன்றே வழி. 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் இக்கட்டுப்பாடு இறுகியது. 1967 நவம்பரில் ஸ்டேர்லிங் பவுண் மதிப்பிறக்கப்பட்டபோது நமது ரூபாவும் 20 வீதம் இறக்கப்பட்டது. 1968 இல் இரட்டை வீதம் வந்தது. அரிசி, மா போன்றவற்றிற்கு ஒரு வீதம். ஏனைய பல பொருள்களுக்கு அதற்கு மேல் 44 வீதம் கூடுதலாகச் செலுத்தவேண்டும். தேயிலை விற்று வந்த டொலருக்குக் குறைந்த வீதமே கிடைத்தது. இதனால் நாட்டின் பெருஞ்செல்வத்தை ஈட்டிய தோட்டத்துறையே மறைமுகமாக வரி செலுத்திற்று. 1977 நவம்பரில் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, டொலருக்கு 16 ரூபா என்ற அளவிலிருந்து ரூபா மிதக்கத் தொடங்கியது. ஆயினும் மத்திய வங்கி அதன் கையைப் பிடித்தபடியே நடத்திச் சென்றது. 2001 ஜனவரி 23 இல் கையை விடுவதாக அறிவித்த பின்னரும், வேண்டியபோது மீண்டும் பிடித்துக்கொண்டது.

இனி, தொடக்கத்தில் கூறிய புதிருக்கு வருவோம். 2021 செப்டெம்பர் முதல் டொலர் 200 ரூபா அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு விலையை நிறுத்துபவர் அவ்விலைக்குப் பொருளைக் கொடுக்க வல்லவராக இருத்தல் வேண்டும். ஆனால் பெருந்தொற்றினால் உல்லாசப் பயணிகள் வரவில்லை. கடன் தவணைகளோ வந்தவண்ணம் இருந்தன. 2022 ஜனவரியில் மட்டும் 50 கோடி டொலர்க் கடன்பத்திரம் ஒன்று அடைக்கப்பட்டது. கொடுக்க டொலர் இல்லாத நிலையில் நிறுத்தப்பட்ட விலை, வெறும் பெயரளவு விலையாயிற்று.

இதன் விளைவை ஒரு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். வளைகுடா நாடொன்றில் உழைக்கும் ஒருவர் வீட்டிற்கு 500 டொலர் அனுப்ப விரும்புகிறார். வங்கியில் 203 ரூபாவும், ஊக்கத்தொகையாக 10 ரூபாவும் கிடைக்கும். ஆக 1,06,500 ரூபா. உண்டியல்காரர் ஒரு டொலருக்கு 240 ரூபா தருவதாகக் கொள்வோம். ஆக 1,20,000 ரூபா. வேறுபாடு 13,500 ரூபா. வீட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர் எதனைத் தெரிவார்? 2020 இல் 710 கோடி டொலராக இருந்த பண அனுப்பல்கள் 2021 இல் ஏறத்தாழ 550 கோடியாகக் குறைந்தமைக்கு இது முக்கிய காரணம். வீதத்தைக் காப்பதற்கு டொலர் வேண்டும். காக்கப்பட்ட வீதமே டொலரை விரட்டிற்று. வங்கி வீதத்திற்கும் வெளிச்சந்தை வீதத்திற்கும் இடைவெளி விரியுமாயின், நிலைத்த வீதம் முறியப்போகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

2022 மார்ச்சில் பிடி தளர்ந்தது. மே மாதமளவில் டொலரின் விலை 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரில் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. அம்மாதமே மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 வீதப்புள்ளிகள் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டிலும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. மிதக்க விட்டதனாலேயே இத்துன்பம் வந்தது என்பார் உளர். விலை ஏறும் முன்னரே துன்பம் வேறு உருவில் வந்துவிட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். முகத்துவாரத்து மீனவரின் படகிற்கு வேண்டிய மண்ணெண்ணெயை எண்ணிப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் வரை அதன் விலை லீற்றர் 87 ரூபா. ஆனால் எண்ணெய் கிடைப்பது அரிது. பின்னர் 340 ரூபாவாயிற்று. முதலாவது விலையில் சுமை வரிசையாக வந்தது. இரண்டாவது விலையில் செலவாக வந்தது.

அப்படியாயின் எல்லா நாடுகளும் ஏன் மிதக்க விடவில்லை? ஹொங்கொங் 1983 முதல் தன் டொலரை, அமெரிக்க டொலருக்கு 7.80 என்ற அளவையொட்டியே கட்டி வைத்திருக்கிறது. நமது பழைய நாணய ஆணையாளர் சபையின் முறையே அதுவும். வெளியிடும் தாளுக்கு ஈடான அமெரிக்க டொலர் அங்கே கையில் உண்டு. பணம் எல்லையைத் தடையின்றிக் கடக்கிறது. ஆகவே வட்டி வீதத்தைத் தன் விருப்பப்படி வைக்கும் உரிமையை அந்நகரம் விட்டுக்கொடுத்திருக்கிறது. 1997 அக்டோபரில் அந்நாணயத்தைப் பலர் தாக்கியபோது ஓரிரவுக் கடனின் வட்டி 280 வீதம் வரை ஏறியது, வீதமோ அசையவில்லை. வாணிபமே உயிராகக் கொண்ட சிறு நகரம் அவ்விலையைக் கொடுக்கச் சம்மதிக்கிறது. தேயிலை போன்ற சில பொருள்களை நம்பி, உலகச் சந்தையின் ஏற்ற இறக்கங்களுக்கு ஆளாகும் நாட்டிற்கு, அதிர்ச்சியை விலையிலேயே ஏற்றுக்கொள்ளும் மிதவை பெரும்பாலும் பொருந்துகிறது. ஆயினும் டொலரிலே பெருங்கடன் பட்டிருந்தால், ரூபாவின் மதிப்பு இறங்கும் ஒவ்வொரு நாளும் அக்கடன் ரூபாவில் பெருகும். மிதவை அக்கடனை மன்னிப்பதில்லை.

நிலைத்த வீதத்தின் ஒழுக்கத்தை ஏற்காமல், அதன் நிலைத்த தன்மையை மட்டும் பெற விரும்பியதே நமது 1950 இற்குப் பிந்திய சரித்திரம். நாணய ஆணையாளர் சபை கையிலே இந்திய ரூபாவை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தது. 2021 இன் வாக்குக்குப் பின்னால் அத்தகைய கையிருப்பு இருக்கவில்லை. துறைமுகத்திலே தேங்கிய கொள்கலன்கள் அதனையே அறிவித்து நின்றன.