அச்சுக்குக் கீழே விழும் பரப்பு: வரையறுத்த தொகையீட்டில் குறைக்குறியின் வரலாறு

ஒரு வளைவரைக்கும் x-அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கணக்கிட வரையறுத்த தொகையீடு பயன்படுகிறது. வளைவரை முழுவதும் அச்சுக்கு மேலே இருந்தால் தொகையீட்டின் மதிப்பும் பரப்பும் ஒன்றே. வளைவரையின் ஒரு பகுதி அச்சுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பகுதியைத் தொகையீடு குறை எண்ணாகத் தருகிறது. இது வெறும் பாடநூல் விதி அல்ல. பரப்புக் கணக்கில் குறைக்குறி தோன்றியபோது அதற்கு என்ன பொருள் என்ற குழப்பம் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அது தெளியவும், தெளிந்தது குறியீட்டில் இடம்பெறவும் ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின.

வாலிஸும் முடிவிலியைவிடப் பெரிய பரப்பும்

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1655-56இல் 'அரித்மெடிக்கா இன்ஃபினிடோரம்' என்ற நூலை வெளியிட்டார். அதன் முக்கிய முடிவை இன்றைய குறியீட்டில் எளிதாகச் சொல்லலாம். y = xᵏ என்ற வளைவரையின் கீழ், x = 0 முதல் x = 1 வரை உள்ள பரப்பு 1/(k + 1). k = 2 எனில் பரப்பு 1/3; k = 1 எனில் 1/2; k = 0 எனில் 1.

வாலிஸ் அடுக்குக்குறியைப் பூச்சியத்துக்குக் கீழேயும் கொண்டுசென்றார். k = −1 எனில் விடை 1/0 ஆகிறது. வளைவரை y-அச்சை ஒட்டி முடிவின்றி உயர்வதால், அதை முடிவிலி என்று கொள்வதில் அவருக்குத் தயக்கம் இல்லை. அடுத்து k = −2. இப்போது வாய்பாடு 1/(−1) என்கிறது. y = 1/x² என்ற வளைவரையோ எந்த இடத்திலும் அச்சுக்குக் கீழே வருவதில்லை.

அவர் இப்படிச் சிந்தித்தார். 1/3, 1/2, 1/1, 1/0 என்ற வரிசையில் பகுதி குறையக் குறைய மதிப்பு கூடுகிறது. 1/0 முடிவிலி என்றால், அதையும் தாண்டி வரும் 1/(−1) முடிவிலியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இன்று படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் குறை எண்களின் மீதே ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்கு முழு நம்பிக்கை வராத காலம் அது. 1637இல் வெளிவந்த டேக்கார்ட்டின் வடிவியல் நூல், சமன்பாட்டின் குறை மூலங்களைப் 'பொய்யான' மூலங்கள் என்றே அழைத்தது. அச்சின் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இன்று நாம் வரைவதுபோல வழக்கத்துக்கு வரவில்லை. அந்நிலையில், வாய்பாட்டைக் கைவிடாமல் அதற்கு ஒரு பொருள் தேடியது துணிவான செயல்தான். கிடைத்த பொருள்தான் தவறு.

நியூட்டனும் வாரிக்னானும்

வாலிஸின் நூலை ஊன்றிப் படித்தவர் ஐசக் நியூட்டன். 1669இல் அவர் எழுதி, 1711இல்தான் அச்சேறிய 'டி அனாலிசி' என்னும் சிறு நூலில் இதே y = 1/x² வளைவரை வருகிறது. அவருடைய விதிப்படி பரப்பு −1/x. நியூட்டன் இதில் முடிவிலிக்கு மேற்பட்ட எதையும் காணவில்லை. பரப்பு நிலைக்கோட்டின் மறுபக்கத்தில் கிடப்பதால்தான் கணக்கு அதைக் குறையாகக் காட்டுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

x = 1 என்ற இடத்தில் ஒரு நிலைக்கோடு வரைந்து பார்த்தால் இது விளங்கும். கோட்டுக்கு இடப்புறம், y-அச்சு வரையுள்ள பரப்பு முடிவற்றது. வலப்புறம், கோட்டிலிருந்து முடிவிலி வரை நீளும் பரப்பு சரியாக 1 சதுர அலகு. வாய்பாடு தரும் −1 இந்த வலப்புறப் பரப்பையே குறிக்கிறது. பரப்பை இடமிருந்து வலமாக அளப்பது வழக்கம். இங்கே அளவு எதிர்த்திசையில் வந்துவிட்டதால் குறைக்குறி சேர்ந்துள்ளது.

நியூட்டனின் விளக்கம் அச்சில் இல்லாத அந்த இடைக்காலத்தில், பிரெஞ்சு அறிஞர் பியேர் வாரிக்னான் 1706இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாலிஸின் இந்தப் பரப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். இந்தக் குறைப் பரப்பு முடிவிலியைக் கடந்தது அல்ல, மறுபக்கத்தில் உள்ள முடிவுள்ள பரப்பே என்று அவரும் காட்டினார்.

எல்லைகள் குறியீட்டில் ஏறியது

லைப்னிட்ஸ் 1675 அக்டோபரில் ∫ என்ற குறியை முதன்முதலாக எழுதினார். கூட்டுத்தொகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதல் எழுத்தை நீட்டி எழுதியதே அது. ஆனால் எங்கிருந்து எதுவரை கூட்டுகிறோம் என்பதைக் காட்ட அந்தக் குறியில் இடம் இல்லை; நெடுங்காலம் அதைச் சொற்களிலேயே எழுதினார்கள். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் ∫ குறியின் அடியிலும் தலையிலும் எழுதும் இன்றைய வழக்கத்தைப் பரப்பியது, ஃபூரியர் 1822இல் வெளியிட்ட வெப்பக் கோட்பாட்டு நூல்.

அடுத்த ஆண்டே, 1823இல், கோஷி தம் மாணவர்களுக்கு அச்சிட்ட பாடச் சுருக்கத்தில் வரையறுத்த தொகையீட்டுக்குத் தெளிவான வரையறை தந்தார். இடைவெளியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அங்குள்ள சார்பின் மதிப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகும்போது இக்கூட்டுத்தொகை நெருங்கும் எல்லையே தொகையீடு.

இந்த வரையறையில் பரப்பு என்ற சொல்லுக்கே தேவையில்லை. குறைக்குறி எங்கிருந்து வருகிறது என்ற பழைய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கூட்டப்படும் ஒவ்வொரு உறுப்பும் இரண்டு எண்களின் பெருக்கல். வலமிருந்து இடமாகச் சென்றால் நீளம் குறை எண் ஆகும்; நியூட்டன் சொன்னது இதுதான். வளைவரை அச்சுக்குக் கீழே இருந்தால் சார்பின் மதிப்பு குறை எண் ஆகும். மாணவர்கள் தேர்வில் சந்திப்பது இதுதான். குறைக்குறி வரும் வழிகள் இவை இரண்டே. இரண்டும் சேர்ந்தால் விடை மீண்டும் மிகையாகிவிடும்.

ஒரு கணக்கு

y = x² − 4x + 3 என்ற வளைவரைக்கும் x-அச்சுக்கும் இடையே, x = 0 முதல் x = 4 வரை உள்ள பரப்பைக் காண வேண்டும். நேரடியாகத் தொகையிட்டால்,

F(x) = x³/3 − 2x² + 3x

F(4) − F(0) = 64/3 − 32 + 12 − 0 = 4/3

விடை 4/3 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகத் தோன்றும். விடை பூச்சியமாகவோ குறை எண்ணாகவோ வந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மிகை எண்ணாக வந்ததுதான் இங்கே ஆபத்து. அதற்கு மட்டு மதிப்பு எடுத்தாலும் ஒன்றும் மாறாது.

முதலில் வளைவரை அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். x² − 4x + 3 = (x − 1)(x − 3) என்பதால் வெட்டும் இடங்கள் x = 1, x = 3. இரண்டுமே 0க்கும் 4க்கும் இடையில் உள்ளன. நடுவில் x = 2 என்று பிரதியிட்டால் y = −1. எனவே 1 முதல் 3 வரை வளைவரை அச்சுக்குக் கீழே உள்ளது. இப்போது மூன்று துண்டுகளையும் தனித்தனியே தொகையிடலாம்.

0 முதல் 1 வரை: F(1) − F(0) = 4/3 − 0 = 4/3

1 முதல் 3 வரை: F(3) − F(1) = 0 − 4/3 = −4/3

3 முதல் 4 வரை: F(4) − F(3) = 4/3 − 0 = 4/3

நடுத்துண்டின் குறியை மாற்றிக் கூட்டினால் பரப்பு 4/3 + 4/3 + 4/3 = 4 சதுர அலகுகள். நேரடித் தொகையீடு காட்டியது இதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் ஒரு மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

தொகையிடாமலேயே பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 0 முதல் 1 வரை உள்ள துண்டு, அடி 1, உயரம் 3 கொண்ட செங்கோண முக்கோணத்தை ஏறத்தாழ நிரப்புகிறது. அந்த முக்கோணத்தின் பரப்பு 1.5, வளைவரை உட்குழிந்து செல்வதால் துண்டு அதைவிடச் சற்றுக் குறைவு. முழுப் பரப்பும் 4/3 என்றால், முதல் துண்டு ஒன்றே அதை விழுங்கிவிடும். மற்ற இரண்டு துண்டுகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது. தோராயமான ஒரு படம் வரைந்தால் போதும், இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மட்டு மதிப்பை எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு துண்டின் விடைக்கும் எடுப்பது சரி. கடைசி விடைக்கு மட்டும் எடுப்பது தவறு. வெட்டும் இடங்கள் தரப்பட்ட இடைவெளிக்கு வெளியே இருந்தால் துண்டாக்கத் தேவையே இல்லை. மேற்கண்ட வளைவரைக்கே 1 முதல் 3 வரை மட்டும் கேட்டால், ஒரே தொகையீட்டின் குறியை மாற்றினால் போதும்.

வாலிஸைக் குழப்பிய வளைவரையும் இன்றுவரை ஆளை ஏமாற்றுகிறது. y = 1/x² என்பதை −1 முதல் 1 வரை விதிப்படி தொகையிட்டால் −1/x என்பதிலிருந்து (−1) − (1) = −2 வரும். எல்லைகள் இடமிருந்து வலமாகவே உள்ளன. வளைவரையும் எங்கும் அச்சுக்குக் கீழே இல்லை. குறைக்குறிக்கான இரண்டு வழிகளும் அடைபட்டிருக்க, விடை குறையாக வந்தால் கணக்கே செல்லாது என்று பொருள். x = 0 என்ற இடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை; அதைத் தாண்டித் தொகையிட முடியாது.

ஏன் எல்லாவற்றையும் மிகையாகக் கொள்வதில்லை?

பரப்புதான் வேண்டும் என்றால், கீழ்ப்பகுதியையும் மிகையாகவே தருமாறு தொகையீட்டை வரையறுத்திருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் முதலில் இழப்பது F(b) − F(a) என்ற எளிய விதியை. மேலே கண்ட கணக்கில் 1 முதல் 3 வரை F குறைந்துகொண்டே வருகிறது; அந்தக் குறைவைத்தான் −4/3 சொல்கிறது. அடுத்து இழப்பது கூட்டல் விதி. y = x, y = −x இரண்டையும் கூட்டினால் y = 0; அதன் பரப்பும் பூச்சியம். ஆனால் 0 முதல் 1 வரை இரண்டின் பரப்பையும் மிகையாகக் கூட்டினால் 1 வருகிறது.

ஃபூரியரின் வேலையோ குறைக்குறி இல்லாமல் நடக்கவே நடக்காது. வெப்பநிலையின் பரவலை அவர் சைன் அலைகளின் கூட்டலாக எழுதினார். ஒவ்வொரு அலையும் எவ்வளவு கலந்துள்ளது என்று அறிய, சார்பை அந்த அலையால் பெருக்கி, கிடைக்கும் புதிய வளைவரையின் பரப்பைக் கண்டார். இம்முறை வேலை செய்வதற்குக் காரணம், வெவ்வேறு அலைகளைப் பெருக்கினால் பரப்பு பூச்சியமாவதுதான். சான்றாக y = sin x · sin 2x என்ற வளைவரை, 0 முதல் π/2 வரை அச்சுக்கு மேலே 2/3 சதுர அலகும், π/2 முதல் π வரை அச்சுக்குக் கீழே அதே 2/3 சதுர அலகும் அடைக்கிறது. ஒரு தாளில் வெட்டி எடுத்தால் மொத்தம் 4/3 சதுர அலகு தாள் கையில் இருக்கும். தொகையீடோ பூச்சியம், முதல் அலையில் இரண்டாம் அலை சிறிதும் கலக்கவில்லை என்று ஃபூரியருக்குச் சொல்வது அந்தப் பூச்சியம்தான்.